கட்டண உயர்வு நோட்டீஸைத் திருத்தி எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொபைல் நிறுவனங்களின் வாடிக்கையாளர் பிரிவில் நோட்டீஸ் எழுதுகிறவர்களும், அதைப் பெற்றுக் குழம்புகிறவர்களும் கேட்டவை இவை. எல்லாப் பதில்களுக்கும் ஒரே மாதிரிக் கணக்கை வைத்திருக்கிறேன். மாதம் ரூ.399 போஸ்ட்பெய்டு பிளான் ரூ.449 ஆகிறது. உயர்வு டிசம்பர் 1 முதல். பில் ஒவ்வொரு மாதமும் 12ஆம் தேதி போடப்படுகிறது, அடுத்த ஒரு மாதத்துக்கான வாடகை அதில் முன்கூட்டியே சேர்கிறது. ஜி.எஸ்.டி. 18 சதவீதம். நிறுவனமும் பிளானும் கற்பனை. விதிகள் இந்தியாவில் நடப்பில் உள்ளவை.

எங்கள் பழைய நோட்டீஸில் எல்லாத் தகவலும் இருக்கிறதே, அதில் என்ன குறை?

நோட்டீஸ் இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்வோம்:

"அன்புள்ள வாடிக்கையாளரே, தங்களுக்கு மேலும் சிறப்பான சேவை வழங்கும் நோக்கில், தங்கள் திட்டத்தின் மாத வாடகை 01/12 முதல் ரூ.50 மட்டும் திருத்தியமைக்கப்படுகிறது. வரிகள் தனி. சேவையைத் தொடர்ந்து பயன்படுத்துவது தங்கள் ஒப்புதலாகக் கருதப்படும். நிபந்தனைகளுக்கு உட்பட்டது."

இதைப் படித்தவருக்கு இனி எவ்வளவு கட்ட வேண்டும் என்று தெரியாது. "திருத்தியமைக்கப்படுகிறது" என்றால் கூடுகிறதா, குறைகிறதா? "ரூ.50 மட்டும்" என்பதைப் பார்த்து, வாடகையே ஐம்பது ரூபாய் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. 01/12 என்பது டிசம்பர் 1ஆ, ஜனவரி 12ஆ என்று வெளிநாட்டு வழக்கத்துக்குப் பழகியவருக்குச் சந்தேகம் வரும். வேண்டாம் என்றால் என்ன செய்யலாம் என்று ஒரு சொல்கூட இல்லை. சும்மா இருந்தாலே சம்மதம் என்ற எச்சரிக்கை மட்டும் இருக்கிறது.

தகவல் நோட்டீஸில் இருப்பது வேறு, வாடிக்கையாளர் கையில் போய்ச் சேர்வது வேறு. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: வரியுடன் கட்டப்போகும் தொகை, அது முதலில் வரும் பில்லின் தேதி, வேண்டாம் என்றால் செய்ய வேண்டியதும் அதற்கான கடைசி நாளும்.

புதுக் கட்டணத்தை எப்படி எழுதுவது? வரி இல்லாமலா, வரியோடா?

இரண்டையும் எழுதுங்கள். ஆனால் வரியோடு சேர்ந்த தொகைதான் கண்ணில் முதலில் பட வேண்டும், ஏனென்றால் பாங்கில் இருந்து போவது அதுதான். ரூ.399க்கு வரி சேர்த்தால் ரூ.470.82. ரூ.449க்கு ரூ.529.82. ஆக உயர்வு ஐம்பது ரூபாய் இல்லை, ரூ.59. இந்த ஒன்பது ரூபாயை மறைத்து எழுதினால், அது டிசம்பர் பில்லில் எப்படியும் வெளியே வரும். அன்றைக்கு வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு வரும் அழைப்புகளில் பாதி இதற்காகத்தான் இருக்கும்.

பழைய தொகையையும் பக்கத்தில் வையுங்கள். "இப்போது ரூ.470.82, இனி ரூ.529.82" என்று இரண்டும் ஒரே வரியில் நின்றால் எவருக்கும் கணக்குப் போடும் வேலை இல்லை. சதவீதம் வேண்டாம். 12.5 சதவீத உயர்வு என்பது நிர்வாகக் கூட்டத்துக்கான மொழி.

குடும்பப் பிளான் என்றால் ஒரு படி கூடுதலாக யோசியுங்கள். முதன்மை எண்ணுக்கு ஐம்பது ரூபாயும் கூடுதல் எண் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு தொகையும் உயர்கிறது என்றால், பில் கட்டுகிறவருக்கு வேண்டியது மொத்தத் தொகை. தனித்தனி உயர்வுகளைச் சொல்லிவிட்டு, கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விடக்கூடாது.

அமலுக்கு வரும் தேதியை எழுதியாகிவிட்டது. அப்புறமும் ஏன் பில் வந்ததும் சண்டை?

டிசம்பர் 1 நிறுவனத்தின் தேதி. வாடிக்கையாளருக்குத் தெரிந்த தேதி 12. இந்த இடைவெளியில்தான் சிக்கல் பிறக்கிறது.

நவம்பர் 12 முதல் டிசம்பர் 11 வரையிலான வாடகை நவம்பர் பில்லிலேயே பழைய விலையில் வாங்கியாகிவிட்டது. இப்போது டிசம்பர் 1 முதல் உயர்வு என்றால், அந்தச் சுற்றில் கடைசி 11 நாளுக்கு வித்தியாசத்தை வசூலிக்க வேண்டும். ஐம்பது ரூபாயில் 30 நாளுக்கு 11 நாள் என்று பிரித்தால் ரூ.18.33. வரியோடு ரூ.21.63. அது டிசம்பர் 12 பில்லில் ரூ.529.82 உடன் சேர்ந்து வரும். மொத்தம் ரூ.551.45.

வாடிக்கையாளர் நோட்டீஸில் படித்தது 449. எதிர்பார்த்தது ஏறக்குறைய 530. வந்தது 551. அடுத்த மாதம் 530. நடுவில் ஏறிய இந்தக் கூடுதல் தொகை எங்கிருந்து வந்தது என்று பில்லின் மூன்றாம் பக்கத்தில் "விகிதாசாரக் கட்டணம்" என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பொறுமை யாருக்கு இருக்கிறது?

என் கருத்து உறுதியானது: உயர்வை பில் தேதியில் இருந்தே தொடங்குங்கள். "டிசம்பர் 12 பில் முதல்" என்று ஒரே தேதி. எண்ணுக்கு எண் பில் தேதி மாறும் என்பதால் ஒவ்வொருவர் நோட்டீஸிலும் அவரவர் தேதி வர வேண்டும். பில்லிங் மென்பொருளில் இது பெரிய வேலை இல்லை, பில் தேதி ஒவ்வொரு கணக்கிலும் பதிவாகித்தான் இருக்கிறது. 11 நாள் வித்தியாசத்தை விட முடியாது என்று நிதிப் பிரிவு பிடிவாதம் பிடித்தால், நோட்டீஸில் முதல் பில்லின் தொகையையும் சொல்லிவிடுங்கள்: "டிசம்பர் 12 பில் மட்டும் ரூ.551.45. ஜனவரி முதல் ரூ.529.82." ஒளிப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை.

தேதியை எழுத்தில் எழுதுங்கள். "டிசம்பர் 12, வெள்ளி" என்று கிழமையும் சேர்ந்தால் இன்னும் நல்லது. "அடுத்த பில்லிங் சுற்று முதல்" என்று எழுதுவது தேதி எழுதாததற்குச் சமம்.

எல்லோருக்கும் ஒரே நோட்டீஸ் அனுப்பிவிடலாமா?

கூடாது. காரணம் மொழிநடை அல்ல, விதி. இந்தியாவில் மொபைல் கட்டணத்தைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நிர்ணயிப்பதில்லை, நிறுவனங்களே முடிவு செய்கின்றன. ஆனால் டிராயின் 1999ஆம் ஆண்டுக் கட்டண ஆணைக்கு வந்த திருத்தங்களில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஒருவர் ஒரு பிளானில் சேர்ந்த நாளில் இருந்து ஆறு மாதம் வரை அந்தப் பிளானின் கட்டணங்களை அவருக்கு உயர்த்தக்கூடாது. முன்பணம் கட்டி, ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடி உள்ள பிளான் என்றால், அந்தச் செல்லுபடிக் காலம் முழுவதும் உயர்த்தக்கூடாது. ஆறு மாதத்துக்குள் வாடிக்கையாளர் தானாக வேறு பிளானுக்கு மாறிக்கொள்ளலாம். நிறுவனத்துக்குத்தான் கை கட்டு.

நம் கணக்கில் ஒருவர் ஆகஸ்ட் 20 அன்று ரூ.399 பிளானுக்கு மாறினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பிப்ரவரி 20க்கு முன் விலை ஏறக்கூடாது. பில் தேதியை ஒட்டியே உயர்த்துவது என்றால் அவருடைய முதல் புதுக் கட்டணப் பில் மார்ச் 12. இரண்டு வருடமாக அதே பிளானில் இருப்பவருக்கு டிசம்பர் 12.

இங்கே கவனிக்க வேண்டியது, நாள் எண்ணுவது சிம் வாங்கிய தேதியில் இருந்து இல்லை, இந்தப் பிளானில் சேர்ந்த தேதியில் இருந்து. பத்து வருட வாடிக்கையாளர்கூட ஆகஸ்டில் பிளான் மாற்றியிருந்தால் அவருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. பட்டியல் எடுக்கும்போது சிம் தேதியை வைத்து எடுத்துவிட்டால் இவர் தவறான குழுவில் போய்விடுவார். நோட்டீஸ் அனுப்பும் முன் சமீபத்தில் பிளான் மாற்றிய சில எண்களை எடுத்து, அவர்களுக்கு எந்தத் தேதி அச்சாகிறது என்று பார்த்துவிட்டால் இந்தப் பிழை உடனே தெரியும்.

"தொடர்ந்து பயன்படுத்தினால் சம்மதம்" என்ற வரியைச் சட்டப் பிரிவு எடுக்கவே விடுவதில்லை. என்ன செய்ய?

எடுக்க வேண்டாம். இடத்தை மாற்றுங்கள், துணையாக ஒரு வாக்கியம் சேருங்கள். ஒன்றும் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை வாடிக்கையாளர் அறிய வேண்டியதுதான். அதைச் சொல்லும் முன், என்னென்ன செய்யலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். "நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. டிசம்பர் 12 பில் முதல் புதுத் தொகை வரும்" என்று எழுதினால் அந்தச் சட்ட வரியின் பொருளே வந்துவிடுகிறது. மிரட்டல் இல்லை.

சட்டப் பிரிவோடு பேசும்போது ஒன்றைக் கேளுங்கள்: பிரச்சினை நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் எந்த நோட்டீஸைக் காட்ட விரும்புகிறீர்கள்? 2022இல் உச்ச நீதிமன்றம், தொலைத்தொடர்பு சேவை பற்றிய புகார்களை நுகர்வோர் அமைப்புகள் விசாரிக்கலாம் என்று தெளிவாக்கிவிட்டது. தெளிவான நோட்டீஸ் அங்கே நிறுவனத்தைத்தான் காப்பாற்றும்.

வேண்டாம் என்றால் வெளியேறும் உரிமையைப் பற்றி எவ்வளவு எழுத வேண்டும்?

ஒருவர் இந்த நோட்டீஸை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, வேறு எங்கும் தேடாமல் வெளியேற முடிகிற அளவுக்கு. நிறுவனங்கள் இதை எழுதத் தயங்குவது ஏன் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டு இருப்பவர் மனம் விரும்பி இருப்பவர் அல்ல. அடுத்த உயர்வில் அவர் எப்படியும் போவார், போகும்போது நான்கு பேரிடம் சொல்லிவிட்டுப் போவார்.

வழிகள் மூன்று. முதலாவது, அதே நிறுவனத்தில் குறைந்த விலைப் பிளானுக்கு மாறுவது. இதற்கு எந்தப் பிளான், என்ன விலை, எப்படி மாறுவது என்று எழுதுங்கள். ரூ.449 வேண்டாம் என்பவருக்கு ரூ.349இல் ஒன்று இருந்தால் பெயர் சொல்லிக் காட்டுங்கள். இரண்டாவது, எண்ணை வைத்துக்கொண்டு வேறு நிறுவனத்துக்குப் போவது. மூன்றாவது, இணைப்பையே துண்டிப்பது.

இரண்டாவது வழிக்குத் தட்டச்சு செய்ய வேண்டியதைத் தட்டச்சு செய்யும் வடிவிலேயே கொடுங்கள்:

```
PORT 98XXXXXXXX
```

இதில் அவருடைய பத்து இலக்க எண்ணை நீங்களே அச்சிட்டுத் தரலாம். அதை 1900க்கு அனுப்பினால் ஒரு போர்ட்டிங் குறியீடு வரும். தமிழ்நாட்டில் அது நான்கு நாள் செல்லும், அதற்குள் புது நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். போஸ்ட்பெய்டில் ஒரு முட்டுக்கட்டை உண்டு: கெடு தேதி தாண்டிய பில் பாக்கி இருந்தால் குறியீடு கிடைக்காது. பிளான் பிடிக்காத கோபத்தில் பில்லைக் கட்டாமல் விட்டுவிட்டுப் போர்ட் செய்யப் பார்க்கிறவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். "வெளியே வந்த பில்லைக் கட்டிவிட்டு அனுப்புங்கள்" என்ற ஒரு வாக்கியம் அவர்களைக் காப்பாற்றும். இணைப்பு எடுத்து 90 நாள் ஆகாதவரும் போர்ட் செய்ய முடியாது.

வெளியேறினால் என்ன போகும் என்பதையும் சொல்லுங்கள். பிளானோடு வந்த ஓ.டி.டி. சந்தா நிற்கும். குடும்பப் பிளானில் கூடுதல் எண்கள் என்ன ஆகும் என்று அவர் அறிய வேண்டும். டெபாசிட் கட்டியிருந்தால் அந்தத் தொகையையும் திரும்ப வரும் வழியையும் எழுதுங்கள். அது அவருடைய பணம்.

கடைசி நாள் என்று எதைப் போடுவது?

புதுத் தொகை கணக்கில் ஏறும் நாளுக்கு முந்தைய நாள். நம் கணக்கில் டிசம்பர் 11. ஆனால் பிளான் மாற்றம் உடனே நடக்கிறதா, அடுத்த பில்லில் இருந்தா என்று முதலில் பில்லிங் பிரிவைக் கேளுங்கள். கோரிக்கையைப் பதிவு செய்ய இரண்டு நாள் ஆகும் என்றால் நோட்டீஸில் டிசம்பர் 9 என்று போட வேண்டும். இல்லாவிட்டால் 11ஆம் தேதி மாற்றியவருக்கும் உயர்ந்த பில் போகும், கேட்டால் "நேரத்துக்குச் செய்யவில்லை" என்று பதில் வரும். அது நியாயமே இல்லை.

நோட்டீஸுக்கும் அந்த நாளுக்கும் இடையில் ஒரு முழு பில் சுற்றாவது இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஐரோப்பிய ஒன்றியத்தின் தொலைத்தொடர்புச் சட்டம் இதைக் கட்டாயமே ஆக்கியிருக்கிறது: வாடிக்கையாளருக்குப் பாதகமான ஒப்பந்த மாற்றத்துக்கு ஒரு மாதம் முன்பே அறிவிப்பு, அபராதம் இல்லாமல் வெளியேறும் உரிமை, அந்த உரிமையையும் அதே அறிவிப்பில் சொல்ல வேண்டும்.

எஸ்.எம்.எஸ்ஸில் இவ்வளவையும் எப்படி அடக்குவது?

தமிழில் எஸ்.எம்.எஸ். யூனிகோடில் போகிறது. ஒரு செய்திக்கு 70 இடம்தான். நீண்டு பல துண்டானால் துண்டுக்கு 67. புள்ளியும் காலும் கொம்பும் தனி இடம் பிடிக்கும். "பில்" என்பது கண்ணுக்கு இரண்டு எழுத்து, கணக்கில் நான்கு. அதனால் "அன்புள்ள வாடிக்கையாளரே" என்று ஆரம்பித்தாலே முதல் துண்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். தொகை இரண்டாம் துண்டுக்குத் தள்ளப்படும். போன் திரையில் அறிவிப்பாக மின்னும்போது தெரிவது முதல் வரி மட்டும்.

நான் எழுதுவது இப்படி:

"உங்கள் ரூ.399 பிளான் டிச.12 பில் முதல் ரூ.449, வரியுடன் ரூ.529.82. வேண்டாமெனில் டிச.11க்குள் வேறு பிளானுக்கு இலவசமாக மாறலாம் அல்லது எண்ணோடு வெளியேறலாம்."

முதல் வாக்கியம் 66 இடம். முதல் துண்டிலேயே தொகையும் தேதியும் வந்துவிடுகின்றன. முழுச் செய்தியும் மூன்று துண்டுக்குள் அடங்கும். வழிமுறை விவரம் மின்னஞ்சலிலும் பில்லின் முதல் பக்கத்திலும் போகட்டும். எஸ்.எம்.எஸ்ஸில் சுட்டி மட்டும் கொடுத்து "விவரங்களுக்கு இங்கே" என்று முடிப்பதை நான் ஏற்பதில்லை. மோசடிச் செய்திகளுக்குப் பயந்து சுட்டியைத் தொடாதவர்கள் நிறைய. அவர்கள் செய்வது சரியும்கூட.

விலை ஏறவில்லை, டேட்டாவைத்தான் குறைக்கிறோம். அதற்கும் இப்படியேவா?

ஆமாம். 75 ஜி.பி. 60 ஆகிறது, வாடகை அதே என்றால், அதே அளவு உபயோகிப்பவர் 15 ஜி.பி.க்குத் தனியாகப் பணம் கொடுக்கப் போகிறார். தலைப்பிலேயே "டேட்டா 75 ஜி.பி.யில் இருந்து 60 ஜி.பி. ஆகக் குறைகிறது" என்று எழுதி, தாண்டினால் ஜி.பி.க்கு எவ்வளவு என்பதையும் சேருங்கள். "உங்கள் பலன்கள் புதுப்பிக்கப்படுகின்றன" என்று எழுதுவது ஏமாற்று.

பிரீபெய்டுக்கு?

அங்கே பில் இல்லை, ரீசார்ஜ்தான். 2024 ஜூலை உயர்வு நல்ல உதாரணம். ஜூன் 27 அன்று ஜியோ அறிவித்தது, ஜூலை 3 முதல் அமல். 28 நாள் ரூ.239 பேக் ரூ.299 ஆனது. ஏர்டெலும் வோடபோன் ஐடியாவும் அதை ஒட்டியே உயர்த்தின.

இப்படி ஒரு வாரத்துக்குள் அமலாகும்போது வாடிக்கையாளர் மனதில் ஓடுவது ஒரே கேள்வி: ஏற்கெனவே போட்ட பேக் என்ன ஆகும்? அதனால் பிரீபெய்டு நோட்டீஸின் முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்: "இப்போது ஓடும் பேக் ஜூலை 19 வரை அப்படியே செல்லும்." பிறகு பழைய விலையில் ரீசார்ஜ் செய்யக் கடைசி நாள். நடப்புப் பேக் முடியும் முன்பே அடுத்ததைப் போட்டால் வரிசையில் நிற்குமா, நடப்பு நாட்கள் வீணாகுமா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். இதை எழுதாத நோட்டீஸைப் பார்த்து அவசரமாக ரீசார்ஜ் செய்து, மீதி நாட்களை இழந்துவிட்டோமோ என்று பதறியவர்கள் பலர்.

நோட்டீஸ் புரிகிறதா என்று அனுப்பும் முன் எப்படித் தெரிந்துகொள்வது?

அலுவலகத்தில் இந்த வேலையோடு தொடர்பில்லாத ஐந்தாறு பேரிடம் கொடுங்கள். செக்யூரிட்டி, கேன்டீன் ஊழியர், உங்கள் வீட்டுப் பெரியவர் யாராக இருந்தாலும் சரி. ஒருமுறை படிக்கவிட்டு, தாளை வாங்கி வைத்துவிட்டுக் கேளுங்கள்: அடுத்து எவ்வளவு கட்டுவீர்கள்? எந்த பில்லில்? வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள், எந்த நாளுக்குள்? "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். ஒருவர் 499 என்றோ டிசம்பர் 1 என்றோ சொன்னால், அவர் எந்த வரியில் இருந்து அதை எடுத்தார் என்று பாருங்கள். பிழை அந்த வரியில்தான் இருக்கிறது.

அனுப்பிய பின் முதல் பில் வாரத்தில் வாடிக்கையாளர் சேவைக்கு வரும் கேள்விகளைக் கேட்டு வாங்குங்கள். "ஏன் 551?" என்று கேள்வி வந்தால் தேதிப் பகுதி தோற்றுவிட்டது. "எனக்கு யாரும் சொல்லவில்லை" என்று வந்தால் எஸ்.எம்.எஸ்ஸின் முதல் வரி தோற்றுவிட்டது.

திருத்திய நோட்டீஸ் முழுதாக எப்படி இருக்கும்?

இரண்டு வருடமாக இந்தப் பிளானில் இருப்பவருக்கான மின்னஞ்சல்:

"உங்கள் மாதக் கட்டணம் டிசம்பர் 12 பில் முதல் உயர்கிறது.

இப்போது: ரூ.399, வரியுடன் ரூ.470.82. டிசம்பர் 12 முதல்: ரூ.449, வரியுடன் ரூ.529.82. டேட்டா, அழைப்பு, எஸ்.எம்.எஸ். அளவுகளில் மாற்றம் இல்லை.

இதில் தொடர விரும்பினால் நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

விலை அதிகம் என்று நினைத்தால் டிசம்பர் 11க்குள் ரூ.349 பிளானுக்கு மாறலாம். ஆப்பில் 'என் பிளான்' பகுதியில் மாற்றலாம், அல்லது 198க்கு அழைக்கலாம். மாற்றத்துக்குக் கட்டணம் இல்லை.

வேறு நிறுவனத்துக்குப் போக விரும்பினால், பில் பாக்கியைக் கட்டிவிட்டு, PORT என்று தட்டி இடைவெளி விட்டு உங்கள் எண்ணைச் சேர்த்து 1900க்கு அனுப்புங்கள். உங்கள் டெபாசிட் ரூ.500, கடைசி பில்லைக் கழித்து, உங்கள் பாங்க் கணக்குக்கு வரும்.

இந்த உயர்வு உங்களுக்குப் பொருந்தாது என்று நினைத்தால் 198இல் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் திருப்தி இல்லை என்றால் எங்கள் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம்."

பழைய நோட்டீஸைவிட இது நீளம்தான். நீளமானதெல்லாம் வாடிக்கையாளர் கேட்கப்போகும் கேள்விகளுக்கான பதில்கள். சட்ட வாசகங்கள் வேண்டும் என்றால் இதற்குக் கீழே, கோடு போட்டுப் பிரித்து வையுங்கள். மேலே சொன்ன தேதியோடும் தொகையோடும் அவை முரண்படாமல் இருக்கிறதா என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். மேலே டிசம்பர் 12 என்றும் கீழே டிசம்பர் 1 என்றும் நிற்கும் நோட்டீஸ்கள் அப்படி ஒப்பிடாமல் விடுவதால்தான் வெளியே போகின்றன.